கிளையன்ட் ரிவியூ: புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

முதல் புல் ரிக்வெஸ்ட் கிளையன்ட்டிடம் போகிற வாரத்தில் எல்லோரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களோடுதான் என் மேசைக்கு வருகிறார்கள். வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். உதாரணங்கள் எல்லாம் கிட்ஹப்பை வைத்தவை. உங்கள் கிளையன்ட் வேறு தளத்தைப் பயன்படுத்தினால் பொத்தான்களின் பெயர் மாறும்.

நம் லீட் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். பிறகு கிளையன்ட் ஏன் மறுபடியும் பார்க்க வேண்டும்?

இருவர் கண்ணிலும் படுவது ஒரே நிரல்தான், ஆனால் அவர்கள் தேடுவது வேறு வேறு. டிக்கெட்டில் கேட்டதைச் செய்திருக்கிறீர்களா, டெஸ்ட் எழுதினீர்களா, நம் பெயர் கெடாமல் இருக்குமா என்று லீட் பார்க்கிறார். கிளையன்ட் பக்கத்துப் பொறியாளரோ, நம் ஒப்பந்தம் முடிந்து நாம் கிளம்பிய பிறகும் அந்த நிரலோடு குடித்தனம் நடத்தப்போகிறவர். நள்ளிரவில் ஏதாவது உடைந்தால் தொலைபேசி அவருக்குத்தான் வரும். அதனால் ஓடுகிறதா என்பதோடு, ஆறு மாதம் கழித்துப் படித்தால் தனக்குப் புரியுமா என்றும் பார்க்கிறார். அந்த அமைப்பில் முன்பு எது எப்படி உடைந்தது என்பதும் அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை. பெரும்பாலும் அவர் வேறு நேர மண்டலத்தில் இருப்பார். நீங்கள் மாலையில் எழுதியதை அவர் தன் காலையில் படிப்பார். அவர் கேட்ட கேள்வியை நீங்கள் மறுநாள் படிப்பீர்கள். ஆக ஒரு கேள்வியும் பதிலும் போய்வர ஒரு நாள். நான்கு முறை திரும்பி வந்தால் ஒரு வாரம் போய்விடும், இரண்டு வரி மாற்றமாக இருந்தாலும்.

யார் ரிவியூ செய்ய வேண்டும் என்பதை நான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. கிளையன்ட்டின் ரெபாசிட்டரியில் `CODEOWNERS` என்று ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேல் மட்டத்திலோ `.github` அடைவிலோ `docs` அடைவிலோ இருக்கும். எந்தக் கோப்பைத் தொட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள்.

```
*            @org/platform
/reports/    @org/reporting
*.sql        @org/data
```

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. `reports/orders.sql` என்ற கோப்பை மாற்றினால் யாருக்குப் போகும்? மூன்று வரியும் பொருந்துவதால் மூன்று அணிகளுக்கும் போகும் என்றுதான் தோன்றும். உண்மையில் பொருந்துகிற கடைசி வரி மட்டுமே செல்லும். அதாவது தரவு அணிக்கு மட்டும். அறிக்கை அணிக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தால் அவர்களை நீங்களே சேர்க்க வேண்டும். உங்களுக்கு அந்த அனுமதி இல்லையென்றால் கருத்தில் பெயர் குறிப்பிட்டு அழையுங்கள்.

இந்தக் கோப்பு தானாக ஆள் அழைக்கும், அவ்வளவுதான். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜ் ஆகாது என்று தடுப்பது பிராஞ்ச் பாதுகாப்பு விதிகளில் உள்ள வேறொரு அமைப்பு. சில கிளையன்ட்கள் அதைப் போட்டிருப்பார்கள், சிலர் மாட்டார்கள். எத்தனை பேர் ஒப்புதல் தேவை என்பது புல் ரிக்வெஸ்டின் அடியில், மெர்ஜ் பொத்தானுக்கு மேலேயே எழுதியிருக்கும்.

டிராஃப்டாகத் திறந்தால் கிளையன்ட்டுக்குத் தெரியாதுதானே?

தெரியும். அந்த ரெபாசிட்டரியைப் படிக்க அனுமதி உள்ள எவரும் டிராஃப்டையும் அதன் கீழே நாம் பேசிக்கொள்வதையும் படிக்கலாம். டிராஃப்டாக இருக்கும்வரை மெர்ஜ் செய்ய முடியாது, `CODEOWNERS` வழியாக யாரையும் அழைக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். `Ready for review` அழுத்தியதும் அழைப்பு போய்விடும்.

நம் அணியில் லீட் பார்ப்பதும் இந்த டிராஃப்டில்தான். அதனால் "இந்தக் கிளையன்ட் நிரல் ஏன் இப்படிக் குப்பையாக இருக்கிறது" போன்ற வருத்தங்களை அங்கே எழுதாதீர்கள். பிறகு திருத்தினாலும் பயனில்லை. கருத்தின் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் தெரியும், அதற்கு முன்பே மின்னஞ்சலாகவும் போயிருக்கும்.

விளக்கத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டால் போதாதா?

போதாது. ஏன் என்பதை நடந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன், விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். மார்ச் மாத ஆர்டர் அறிக்கையில் 31-ஆம் தேதி ஆர்டர்கள் வரவில்லை என்று ஒரு டிக்கெட். புதிதாகச் சேர்ந்த ஒருவர் காரணத்தை அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டார்.

```sql
WHERE created_at >= '2024-03-01'
  AND created_at <= '2024-03-31'
```

`created_at` என்பது தேதியும் நேரமும் சேர்ந்தது. அதனோடு ஒப்பிடும்போது `'2024-03-31'` என்பது 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 00:00 ஆகிவிடும். எனவே 31-ஆம் தேதி பகல் முழுவதும் வந்த ஆர்டர்கள் வெளியே நிற்கின்றன. இரண்டாவது வரியை `created_at < '2024-04-01'` என்று மாற்றினார். விளக்கத்தில் டிக்கெட் எண்ணும் "தேதிப் பிழை சரிசெய்யப்பட்டது" என்ற ஒரு வரியும் மட்டும் எழுதி அனுப்பினார்.

மறுநாள் வந்த முதல் கருத்து: "என்ன பிழை?" ஒரு நாள் போயிற்று. அவர் எழுதியிருக்க வேண்டியது மூன்று விஷயம்தான். என்ன நடந்தது, ஏன் நடந்தது, சரியானதை எப்படிச் சோதித்தார். முதலிரண்டும் மேலே உள்ள பத்தியிலேயே இருக்கின்றன. மூன்றாவதற்கு "31-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு ஒரு ஆர்டர் சேர்த்தேன், மாற்றத்துக்கு முன் வரவில்லை, பின் வந்தது" என்று ஒரு வரி. எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது: "மற்ற அறிக்கைகளிலும் இதே பிழை இருக்கலாம், அவற்றைத் தொடவில்லை." ரிவியூவரின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடும்போது ஓர் எச்சரிக்கை. உண்மையான வாடிக்கையாளரின் பெயரோ முகவரியோ தெரிகிற படத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள். சோதனைத் தரவில் எடுத்த படம் மட்டும்.

ஒரு வரிதான் மாற்றினேன். "பிரித்து அனுப்புங்கள்" என்று திருப்பிவிட்டார்களே?

நீங்கள் மாற்றியது ஒரு வரி. உங்கள் எடிட்டர் மாற்றியது எத்தனை? மேலே சொன்ன அதே புல் ரிக்வெஸ்டில் 14 கோப்புகள் இருந்தன. கோப்பைச் சேமிக்கும்போது தானாக வடிவமைக்கும் வசதி அவர் எடிட்டரில் இயங்கிக்கொண்டிருந்தது. மேற்கோள் குறிகளும் இடைவெளிகளும் மாறி, அறுநூறுக்கு மேற்பட்ட வரிகள் சிவப்பும் பச்சையுமாக நின்றன. அந்தக் கூட்டத்துக்குள் உண்மையான அந்த ஒரு வரி எங்கே என்று ரிவியூவர் தேட வேண்டும். தேட மாட்டார், நியாயமும் அதுதான். இடைவெளி மாற்றங்களை மறைத்துப் பார்க்கும் வசதி அவரிடம் உண்டு. ஆனால் மேற்கோள் குறி மாறினால் அது மறைக்காது.

அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்:

```
git fetch origin
git diff --stat origin/main...HEAD
```

நீங்கள் தொட்டதாக நினைவில்லாத ஒரு கோப்பு பட்டியலில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நடுவில் மூன்று புள்ளி இருப்பது தற்செயல் அல்ல. உங்கள் பிராஞ்ச் பிரிந்த இடத்திலிருந்து நீங்கள் செய்த மாற்றத்தை மட்டும் அது காட்டும். புல் ரிக்வெஸ்டில் கிளையன்ட் பார்ப்பதும் அதையேதான். வடிவமைப்பு தேவை என்று நிஜமாகவே நினைத்தால் அதற்குத் தனியாக ஒரு புல் ரிக்வெஸ்ட் திறங்கள், அதுவும் கேட்டுக்கொண்டு.

`Comment`, `Approve`, `Request changes` மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

`Comment` என்றால் ஏதோ சொல்கிறார், தீர்ப்பு இன்னும் இல்லை. `Approve` என்றால் அவர் அளவில் போகலாம். `Request changes` என்றால், ஒப்புதல் கட்டாயம் என்ற விதி உள்ள பிராஞ்சில், அதே ஆள் வந்து ஒப்புதல் தரும்வரை கதவு மூடியிருக்கும். வேறு இருவர் ஒப்புதல் தந்தாலும் திறக்காது. அவர் விடுப்பில் போய்விட்டால் அவருடைய ரிவியூவைத் தள்ளுபடி செய்ய வழி உண்டு. அதற்கான அனுமதி உங்களிடமே இருந்தாலும் நீங்கள் அழுத்தக் கூடாது. அது கிளையன்ட் பக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவு. லீட் வழியாகக் கேளுங்கள்.

சிவப்பு நிறத்தில் வருவதால் `Request changes` பார்த்து முகம் வாடுகிறவர்கள் உண்டு. சில அணிகளில் ஒரு சின்னத் திருத்தத்துக்கும் அதைத்தான் அழுத்துவார்கள். இன்னும் சில அணிகளில் அழுத்தவே மாட்டார்கள். நிறத்தை விடுங்கள், உள்ளே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கேள்விக்குறியோடு ஒரு கருத்து வந்திருக்கிறது. அது கேள்வியா, மாற்றச் சொல்கிறாரா?

இரண்டுமாக இருக்கலாம். அதனால் முதலில் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடை தேடுங்கள், மாற்ற வேண்டுமா என்பது அந்த விடையிலேயே தெரிந்துவிடும். அறிக்கைக் கதையையே தொடர்கிறேன். பிரித்து அனுப்பிய பிறகு அந்த `<` வரியில் வந்த கருத்து: "இந்த எல்லை யுடிசி நேரத்திலா, கடையின் நேரத்திலா?"

நம் ஆள் "யுடிசி" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினார். உண்மைதான், தரவுத்தளத்தில் நேரங்கள் யுடிசியில்தான் இருந்தன. ஆனால் கேட்டவர் தகவலுக்காகக் கேட்கவில்லை. கடைகள் இருந்த இடத்தில் குளிர்காலத்தில் யுடிசிக்கு 5 மணி நேரம் பின்னால், கோடை நேரம் தொடங்கிய பிறகு 4 மணி நேரம் பின்னால். மார்ச் 31 இரவு 9 மணிக்குக் கடையில் பதிவான ஆர்டர், தரவுத்தளத்தில் ஏப்ரல் 1, 01:00. புதிய நிரலிலும் அது மார்ச் அறிக்கைக்குள் வராது. மறுபக்கம், பிப்ரவரி 29 இரவு 9 மணி ஆர்டர் மார்ச் 1, 02:00 ஆகி உள்ளே நுழைந்துவிடும். ஒரு முனையில் சில ஆர்டர்கள் போய், மறு முனையில் சில வருவதால் மொத்தத் தொகை கிட்டத்தட்ட சரியாகவே தெரியும். பிற்பகல் 3 மணி ஆர்டரை வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

சரியான எல்லைகள் இப்படி இருந்திருக்க வேண்டும்:

```sql
WHERE created_at >= '2024-03-01 05:00'
  AND created_at <  '2024-04-01 04:00'
```

ஒன்றில் 5, இன்னொன்றில் 4 என்பதைக் கவனியுங்கள். மாதத்தின் நடுவே கடிகாரம் மாறியிருக்கிறது. அடுத்த முயற்சியில் நம் ஆள் இரண்டிலும் 5 என்று கையால் எழுதி, அதற்கும் ஒரு கருத்து வாங்கினார். இந்த எண்களைக் கையால் எழுதவே கூடாது. கடையின் நேர மண்டலப் பெயரைக் கொடுத்து நூலகத்திடம் கணக்கிடச் சொல்ல வேண்டும். கடைசியில் அப்படித்தான் முடிந்தது.

அந்த முதல் கேள்விக்கு அன்றே இப்படிப் பதில் போயிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்: "தரவு யுடிசியில் இருக்கிறது, பயனர் தேர்ந்தெடுப்பது கடை நேரத்துத் தேதி. எனவே மாத எல்லையில் இரவு ஆர்டர்கள் தவறுகின்றன. எல்லைகளைக் கடை நேரத்திலிருந்து மாற்றிக் கணக்கிட்டிருக்கிறேன், இரவு 9 மணி ஆர்டருக்கு டெஸ்டும் சேர்த்திருக்கிறேன்." தூக்கத்திலிருந்து எழுந்து இதைப் படிக்கிறவர் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

கருத்துகளில் சிலவற்றின் முன்னால் "nit" என்று இருக்கிறதே?

பொடி விஷயம் என்று பொருள். செய்தால் நல்லது, செய்யாவிட்டால் அதற்காக நிறுத்தி வைக்க மாட்டார். பெயர் மாற்றம், எழுத்துப்பிழை போன்றவை. செய்துவிடுங்கள். வாதாடும் நேரத்தில் முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். இரண்டு நாளாக அவரிடமிருந்து சத்தமே இல்லை. நினைவூட்டலாமா?

நினைவூட்டும் முன் உங்கள் பதில்களின் பக்கத்தில் `Pending` என்று மஞ்சளில் சின்ன முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவற்றை நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள். `Files changed` பக்கத்தில் பதில் எழுதும்போது `Start a review` என்ற பொத்தானை அழுத்தினால், அதன் பிறகு எழுதுவதெல்லாம் ஒரு கட்டாகச் சேரும். கடைசியில் `Submit review` கொடுக்கும்வரை யாருக்கும் போகாது. உங்கள் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், அதுதான் வம்பு.

நான் சேர்ந்த புதிதில் ஒன்பது பதில்களை இப்படி எழுதி வைத்துவிட்டு, வெள்ளி மாலையிலிருந்து புதன்வரை காத்திருந்தேன். அதற்குள் ஒரு நினைவூட்டலும் கொஞ்சம் காரமாக அனுப்பிவிட்டேன். "என் கேள்விகளுக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லையே" என்று அவர் மரியாதையாக எழுதியிருந்தார். அந்த மரியாதைதான் இன்றும் சுடுகிறது.

முத்திரை இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது, மறு ரிவியூ கேட்டீர்களா என்பது. புதிய கமிட் தள்ளினால் மட்டும் அவருடைய வரிசையில் உங்கள் பெயர் மீண்டும் ஏறாது. வலப்பக்கம் அவர் பெயருக்கு அருகே உள்ள வட்ட அம்புக்குறியை அழுத்த வேண்டும். அதையும் செய்துவிட்டு அவருடைய ஒரு முழு வேலை நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், தாராளமாக ஒரு வரி எழுதலாம். எதற்காக அவசரம் என்பதும் அந்த வரியில் இருக்கட்டும்.

`Resolve conversation` நான் அழுத்தலாமா, அவர் அழுத்த வேண்டுமா?

தளம் இருவரையும் அனுமதிக்கும். அணிக்கு அணி வழக்கம் வேறு. தெரியாதவரை நான் சொல்லும் வழி இது: அவர் சொன்னதை அப்படியே செய்திருந்தால், எந்தக் கமிட்டில் என்று எழுதிவிட்டு நீங்கள் மூடலாம். சொன்னதற்கு மாறாகச் செய்திருந்தாலோ, செய்யாமல் காரணம் சொல்லியிருந்தாலோ, மூடும் உரிமை அவருடையது. மூடினால் அந்த உரையாடல் சுருங்கி மறைந்துவிடும். தன் ஆட்சேபத்தை நீங்கள் மறைத்ததாகவே அவருக்குத் தோன்றும்.

நேற்று ஒப்புதல் கிடைத்தது. இன்று பார்த்தால் காணவில்லை!

நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவில் ஒரு கமிட் தள்ளியிருப்பீர்கள். புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் செல்லாது என்ற விதியைப் பல கிளையன்ட்கள் போட்டிருப்பார்கள். அவர் ஒப்புக்கொண்டது வேறு நிரல், இப்போது இருப்பது வேறு நிரல், அதனால் விதியில் தவறில்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் போய்விடும். ஒப்புதலுக்குப் பிறகு கண்ணில் படுகிற பொடித் திருத்தங்களை அடுத்த புல் ரிக்வெஸ்டுக்கு ஒத்திவையுங்கள்.

கமிட்கள் அசிங்கமாக இருக்கின்றன. ரீபேஸ் செய்து சுத்தமாக்கித் தள்ளலாமா?

யாரும் பார்க்கத் தொடங்காதவரை, உங்கள் விருப்பம். பார்த்துவிட்ட பிறகு வேண்டாம். சென்ற முறை பார்த்ததற்குப் பிறகு என்ன மாறியது என்பதை மட்டும் பார்க்கத்தான் ரிவியூவர் விரும்புவார். நீங்கள் வரலாற்றைத் திருத்தி எழுதினால் அந்த ஒப்பீடு உடைந்து, அவர் முதலிலிருந்து படிக்க நேரும். அசிங்கமான கமிட்களைப் பற்றிக் கவலை வேண்டாம், பல இடங்களில் மெர்ஜ் செய்யும்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கிவிடுவார்கள். `main` உடன் முரண்பாடு வந்தால் `git merge origin/main` போதும்.

ரீபேஸ்தான் செய்ய வேண்டும் என்று கிளையன்ட் விதியே இருந்தால், வெறும் `--force` கூடாது:

```
git push --force-with-lease
```

காரணம் இருக்கிறது. ரிவியூவர் ஒரு திருத்தத்தைப் பரிந்துரையாக எழுதி, அதை யாராவது `Commit suggestion` அழுத்தி ஏற்றிருந்தால், அந்தக் கமிட் தொலைவில் உள்ள உங்கள் பிராஞ்சில் இருக்கும், உங்கள் கணினியில் இருக்காது. வெறும் `--force` அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். மேலே உள்ளது, நீங்கள் அறியாத கமிட் அங்கே இருந்தால் மறுத்துவிடும். ஆனால் உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக `fetch` செய்துகொண்டிருந்தால், அறிந்ததாகவே எடுத்துக்கொண்டு விட்டுவிடும். எனவே தள்ளும் முன் தொலைவில் என்ன இருக்கிறது என்று கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

ரிவியூவர் சொல்வது தவறு என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. கிளையன்ட் ஆயிற்றே, செய்துவிட்டுப் போகவா?

வேண்டாம். தவறு என்று தெரிந்தே செய்தால், பிறகு அது உடையும்போது கமிட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். கருத்தாக மறுக்காமல் காட்டி மறுங்கள். "அப்படிச் செய்தால் இந்த டெஸ்ட் விழுகிறது" என்று டெஸ்டையும் அதன் வெளியீட்டையும் ஒட்டுங்கள். பாதிச் சமயம் அவரே சரி என்பார். மீதிச் சமயம், உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி உங்களைத் திருத்துவார், யுடிசி கேள்வியைப் போல.

ஒரே விஷயத்தில் இருவரும் இரண்டு முறை எழுதியும் முடியவில்லையென்றால் மூன்றாவது முறை எழுதாதீர்கள். லீட்டிடம் சொல்லி பத்து நிமிட அழைப்பு ஒன்று போடச் சொல்லுங்கள். அழைப்பில் முடிவானதை அதே உரையாடலின் கீழே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். வேறு யாராவது பிறகு படித்தால் ஏன் இப்படி என்று தெரிய வேண்டும்.

"அப்படியே ஏற்றுமதி வசதியையும் சேர்த்துவிடுங்களேன்" என்று கருத்தில் கேட்டிருக்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் சொல்ல வேண்டாம். சரி என்றும் சொல்ல வேண்டாம். சேவை நிறுவனத்தில் இருப்பதால் வரும் சிக்கல் இது. டிக்கெட்டில் இல்லாத வேலைக்கு மதிப்பீடு இல்லை, அதனால் அதற்குச் செலவாகும் நாட்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நீங்கள் நல்ல மனதோடு எழுதும் "கண்டிப்பாகச் செய்துவிடலாம்" என்ற வரியை நிறுவனம் கொடுத்த வாக்காகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

"இது தனி டிக்கெட்டாக வந்தால் நன்றாக இருக்கும், என் லீட்டுக்குத் தெரிவித்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். எழுதும் முன் நிஜமாகவே தெரிவித்திருங்கள். எது கூடுதல் வேலை, எது உங்கள் வேலையின் பகுதி என்பதில் குழப்பம் வரும். அறிக்கையின் நேர மண்டலம் டிக்கெட்டில் எழுதப்படவில்லை, ஆனால் அதைச் சரிசெய்யாமல் "31-ஆம் தேதி ஆர்டர்கள் வர வேண்டும்" என்ற கோரிக்கை நிறைவேறாது, ஆகவே அது உங்கள் வேலை. ஏற்றுமதி பொத்தான் அப்படியல்ல.

சோதனைக்காக வைத்திருந்த கடவுச்சொல் கமிட்டோடு போய்விட்டது. அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

இந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் லீட்டிடம் சொல்லுங்கள். அடுத்த கமிட்டில் நீக்கினாலும் முந்தைய கமிட்டில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். வரலாற்றைத் திருத்தித் தள்ளினாலும் பழைய கமிட்டை அதன் குறியீட்டு எண்ணை வைத்துத் திறக்க முடியும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கடவுச்சொல்லை மாற்றிப் பழையதைச் செல்லாததாக்குவது. அதைப் பெரும்பாலும் கிளையன்ட்தான் செய்ய முடியும், அதனால் அவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். தடயத்தை அழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைச் சொன்னதற்காக யாரையும் கடிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்து அவர்களே கண்டுபிடித்தபோது நடந்த கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் பச்சை ஆகிவிட்டது. மெர்ஜ் பொத்தானும் எனக்குத் தெரிகிறது. அழுத்தலாமா?

பொத்தான் தெரிவது உங்களிடம் அனுமதி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. மெர்ஜ் ஆனதும் தானாகவே வெளியீடு நடக்கும் அமைப்பா, வெளியீட்டுக்கு முன் எதையும் சேர்க்கக் கூடாத நாட்களா என்பதெல்லாம் பொத்தானில் எழுதியிருக்காது. முதல் முறை கேளுங்கள்: "நீங்கள் மெர்ஜ் செய்வீர்களா, நான் செய்யட்டுமா?" பதிலை அந்த அணிக்கான உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள், அடுத்த முறை கேட்க வேண்டாம். நீங்கள்தான் என்றால், கமிட்களை ஒன்றாகச் சுருக்கும் முறையில் கடைசியாகக் காட்டப்படும் தலைப்பைப் படித்துப் பார்த்து அழுத்துங்கள். `main`-இல் நிற்கப்போவது அந்த வரிதான், அது பல சமயம் நீங்கள் முதல் நாள் அவசரத்தில் எழுதிய "தேதிப் பிழை" என்பதாகவே இருக்கும்.